லீவில் இருந்தவர்களுக்கான பத்தி

சம்பளத்தைத் திருத்தி அரசாங்கம் உத்தரவு போட்டுவிட்டது என்று முதலில் சொன்னது செய்தித்தாள். அன்று காலை ஆஸ்டின் டவுன் பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களில் யார் அரசாங்க உத்தியோகஸ்தர், யார் இல்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். நான் மட்டும் அவசரப்பட்டுச் சந்தோஷப்படவில்லை. செய்தித்தாள்காரனுக்கு உத்தரவின் முதல் பத்தியோடு வேலை முடிந்துவிடும். எங்கள் தலையெழுத்து பின்னால் வரும் பத்திகளில் இருக்கும்.

அப்போது நான் ஒரு அரசுப் பொறியியல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். என் கணவர் அதே கட்டடத்தில், மேல்மாடி டிராயிங் ஹாலில் டிராஃப்ட்ஸ்மேன். மேல்மாடியில் அவர் ஸ்டூல் மட்டும்தான் இருந்தது. ஆள் ஊருக்கு வெளியே காசநோய் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். முழுச் சம்பள லீவ் தீர்ந்தது, அரைச் சம்பள லீவ் தீர்ந்தது, இப்போது சம்பளமே இல்லாத லீவ் ஓடிக்கொண்டிருந்தது. தொற்றிக்கொள்ளுமோ என்ற பயத்தில் மகளை ஸ்ரீராம்புரத்தில் என் அக்கா வீட்டில் விட்டிருந்தேன். இடது பக்கம் சில விலா எலும்புகளை எடுத்து, நுரையீரலை அமுக்கி வைக்கிற ஆபரேஷன் செய்யவேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த மாதம் செய்வதாக ஏற்பாடு. பிழைத்து வந்தவர்களும் அந்த வார்டில் இருந்தார்கள். ஒரு தோள் சரிந்து நடப்பார்கள், ஆனால் நடப்பார்கள். நான் அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

உத்தரவின் காப்பி செக்ரட்டேரியட்டிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது சூப்பரிண்டெண்டெண்ட் அதை இரண்டு தடவை படித்தார். கன்னடக்காரர், எங்களோடு தமிழிலேயே பேசுவார், நல்ல மனிதர். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த உத்தரவு வந்தாலும் "யாருக்கு" என்பதைப் படிக்கமாட்டார், "யாருக்கு இல்லை" என்பதைத்தான் முதலில் தேடுவார். அன்றும் அப்படியே தேடி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, என்னைப் பார்க்காமலே காகிதத்தை நீட்டினார்.

"ஸ்டென்சில் போடணும்மா. ஆனேக்கல் சப்-டிவிஷன் வரைக்கும் எல்லாருக்கும் போகணும். ஸ்வல்ப நிதானமா டைப் பண்ணு."

நிதானமாகப் பண்ணு என்று அவர் என்னிடம் அதுவரை சொன்னதில்லை. என் வேகத்தைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு, அது அவருக்கும் தெரியும்.

நான் தாளை மாட்டுவதற்குள் மத்தியானச் சாப்பாட்டு மணி ஆகிவிட்டது. டிபன் கேரியரோடு எல்லாரும் என் மேஜையைச் சூழ்ந்துவிட்டார்கள். சம்பள உத்தரவு வந்தால் எங்கள் ஆபீஸில் மூன்றே கேள்விதான். நாம வர்றோமா? எப்பலேருந்து? அரியர்ஸ் கைக்கு வருமா? படிக்கத் தெரிந்தவர்கள்கூட அந்த நேரத்தில் தாங்களாகப் படிக்கமாட்டார்கள். இன்னொருவர் வாயால் கேட்டால்தான் நம்பிக்கை. சூப்பரிண்டெண்டெண்ட் தயிர்சாதத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பதில் சொன்னார்.

அரசாங்கத்தின் முழுநேர ஊழியர்கள் எல்லாருக்கும் பொருந்தும், தற்காலிக ஊழியர் உட்பட. வேலைக் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள், சில்லறைச் செலவுக் கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள், ஒப்பந்தத்தில் இருப்பவர்கள், இவர்களுக்குப் பொருந்தாது. ஜனவரி முதல் தேதியிலிருந்து அமல். பழைய சம்பளத்தோடு பஞ்சப்படியில் ஒரு பகுதியைச் சேர்த்து, வரும் தொகைக்கு அடுத்த மேல்படியில் புதுச் சம்பளம் நிர்ணயம் ஆகும். பழைய விகிதத்திலேயே இருக்க விரும்புகிறவர்கள் மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். ஒரு தடவை எழுதிக் கொடுத்தால் மாற்ற முடியாது. எழுதிக் கொடுக்காதவர்கள் புதியதை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படுவார்கள். ஜனவரியிலிருந்து போன மாதம் வரைக்குமான நிலுவையில் பாதி கையில், பாதி பிராவிடெண்ட் ஃபண்ட் கணக்கில்.

"பாதிதானா?" என்றார் ஒருவர்.

"பாதியாவது வருதேன்னு சாப்பிடு" என்றார் சூப்பரிண்டெண்டெண்ட்.

சிரிப்பு எழுந்தது. ஆபீஸைப் பெருக்குகிற அம்மாள் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சம்பளம் சில்லறைச் செலவுக் கணக்கில் போகிறது. "எனக்கு இல்லியாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். "சரி போ, அதுக்காவ குப்பை நிக்கப் போவுதா" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் போனதும் சூப்பரிண்டெண்டெண்ட் படிப்பதை நிறுத்திவிட்டார். இன்னும் சில பத்திகள் மிச்சம் இருந்தது எனக்குத் தெரிந்தது. அவர் காகிதத்தை என் மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

ஸ்டென்சில் வெட்டுகிறபோது டைப்ரைட்டரின் ரிப்பனை விலக்கிவிட வேண்டும். எழுத்துகள் மெழுகுத் தாளில் பள்ளமாக விழும், மை இருக்காது. அடித்ததைச் சரிபார்க்க வேண்டுமானால் ஜன்னல் வெளிச்சத்தில் தாளைத் தூக்கிப் பிடிக்கவேண்டும். தப்பு விழுந்தால் சிவப்புத் திரவத்தைப் பூசிக் காயவைத்து மேலேயே அடிக்கவேண்டும், அதன் நெடி தலைவலி வரவழைக்கும். ஐந்து பத்திகளைத் தப்பில்லாமல் அடித்தேன். ஆறாவது பத்தி லீவில் இருப்பவர்களைப் பற்றியது.

ஜனவரி முதல் தேதி அன்று லீவில் இருந்தவர், திரும்ப வேலையில் சேருகிற நாளிலிருந்துதான் புதிய விகிதத்துக்கு வருவார். அதுவரை பழைய சம்பளம்தான். அவ்வளவுதான் பத்தி. படிக்க எளிமையாக இருந்தது. ஜனவரிக்கு முன்பே லீவில் போனவர் என் வீட்டுக்காரர். சேராமலே இருந்துவிட்டால்? ஆபரேஷன் மேஜையிலேயே உயிர் போய்விட்டால்? அந்தப் பத்தியின்படி அவர் பழைய சம்பளக்காரராகவே செத்துப்போவார். எனக்கும் மகளுக்கும் வரவேண்டிய பணிக்கொடையும் குடும்ப ஓய்வூதியமும் பழைய சம்பளத்தின் மேல் கணக்குப் போடப்படும்.

தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஆறாவது பத்தியில் இரண்டு இடத்தில் தப்பு விழுந்திருந்தது. சிவப்புத் திரவத்தைப் பூசினேன்.

சூப்பரிண்டெண்டெண்ட் பக்கத்தில் வந்து நின்றார். "பாத்துட்டியா?"

"பாத்தேன் சார்."

"அவசரப்படாதே. மெடிக்கல் லீவுல இருக்கிறவனையும் இதுல சேத்து எழுதிட்டான். இது சரியில்ல. கிளாரிஃபிகேஷன் கேட்டு நான் மேல எழுதறேன். எந்த ஆர்டருக்கும் பின்னாடி ஒரு கிளாரிஃபிகேஷன் வரும். அது வர்ற வரைக்கும் அவர்கிட்ட சொல்லாதே."

அவருடைய அனுபவம் முழுவதும் அந்த வார்த்தைகளில் இருந்தது. அன்று சாயங்காலமே சந்தேகம் கேட்டு எழுதிய கடிதத்தை நானே டைப் பண்ணினேன். அது முறைப்படி மேலதிகாரி, அவருக்கு மேலதிகாரி என்று ஏறிப்போய் செக்ரட்டேரியட்டைச் சேரவேண்டும். பதில் அதே படிகளில் இறங்கவேண்டும். அரசாங்கத்துக்குப் படி ஏறி இறங்க மூச்சு வாங்குவதில்லை. அவசரமும் இல்லை.

சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனால், வார்டு முழுவதும் எழுந்து உட்கார்ந்திருந்தது. அந்த வார்டில் பாதிப் பேர் உத்தியோகஸ்தர்கள். மூடி போட்ட எச்சில் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு செய்தித்தாளைக் கட்டிலுக்குக் கட்டில் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் என் கணவர் உடம்பு எப்படி இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

"ஆர்டர் வந்துடுச்சா? காப்பி எங்க?"

"எதுக்கு இப்ப?"

"ஏன், நீதானே ஸ்டென்சில் போட்டிருப்பே? வார்டே காத்துக்கிட்டு இருக்கு."

அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்று தப்பித்தேன். வீட்டில் அந்த மூன்று தாள்களையும் விரித்து வைத்துக்கொண்டு, நடுத்தாளை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுத்தால் நாலாவது பத்திக்குப் பிறகு ஏழாவது பத்தி வரும். மற்றவர்களை ஏமாற்றலாம், கிளார்க்குகளை ஏமாற்ற முடியாது. நம்பர் தப்பினால் அவர்கள் செத்த பிறகும் கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்த ஞாயிறு மூன்று தாளையும் எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் தலையணையைச் சாய்த்துக்கொண்டு வார்டுக்கே கேட்கும்படி படித்தார். வரைபடம் படிக்கிற மாதிரிதான் எதையும் படிப்பார், ஒரு மூலையில் ஆரம்பித்து ஒரு கோடு விடாமல். இரண்டாவது பத்தியிலேயே ஆட்கள் உதிர ஆரம்பித்தார்கள். தபாலாபீஸ்காரர் தானாகவே சொல்லிக்கொண்டார்: "நாங்க சென்ட்ரல். நமக்கு இதுல இல்ல." அரசாங்க மானியம் வாங்குகிற தனியார் பள்ளியின் வாத்தியார் ஒருவர், "எங்களுக்குத் தனி ஆர்டர் வரணும்" என்று போர்வையை இழுத்துக்கொண்டார். கடைசியில் மிஞ்சியவர்கள் என் கணவரும், அடுத்த கட்டிலில் இருந்த ரெவின்யூ குமாஸ்தாவும்தான். அந்த மனிதர் என் கணவரைவிட இளையவர். கல்யாணமாகிச் சில மாதங்களிலேயே இருமல் வந்து படுத்தவர்.

ஆறாவது பத்தியை என் கணவர் ஒரு முறைதான் படித்தார். பிறகு மருந்துச் சீட்டு மடிப்பதுபோலத் தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். ரெவின்யூ குமாஸ்தா, "அப்ப நாம வர்றோமா, இல்லியா சார்?" என்று கேட்டார்.

"வர்றோம். ஆனா எழுந்து நடந்து போயித்தான் வரணும்" என்றார் என் கணவர்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். டிராயிங் போர்டில் கடைசிக் கோட்டைப் போட்டு முடித்தவரின் குரல்.

"சூப்பரிண்டெண்டெண்ட் சார் கிளாரிஃபிகேஷன் கேட்டு எழுதியிருக்காருங்க. பொறுத்துக்கோங்க."

"எப்ப வரும்?"

"வரும்."

"அது வர்றதுக்குள்ள இந்த டாக்டரே எனக்கு கிளாரிஃபிகேஷன் குடுத்துடுவாரு" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, குவளையை எடுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இந்தா பாரு, நான் கணக்குப் போட்டுட்டேன். ஒரு நாள். ஒரே ஒரு நாள் ஆபீஸுக்குப் போயி ஜாயினிங் ரிப்போர்ட் குடுக்கறேன். புதுச் சம்பளத்துல நிர்ணயம் ஆயிடும். மறுநாளே லீவ் எழுதிக் குடுத்துட்டு இங்க வந்து படுத்துக்கறேன். அப்புறம் அவங்க எத்தன எலும்பு வேணா எடுத்துக்கட்டும். நான் பொழச்சா எனக்கு, இல்லாட்டி உனக்கும் பாப்பாவுக்கும்."

"எனக்கு வேலை இருக்குங்க. உங்க பணத்துல சாப்பிட நான் காத்துக்கிட்டு இல்ல."

சுருக்கென்று சொல்லிவிட்டேன். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம், அம்மாவே சொல்வாள். அவருக்கு முகம் வாடிப்போயிற்று. ஆனால் மனசு மாறவில்லை.

பெரிய டாக்டரிடம் தகுதிச் சான்று கேட்டார். மருத்துவ லீவில் போனவர் உடம்பு தேறிவிட்டது என்ற சான்று இல்லாமல் வேலையில் சேர முடியாது. டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "வேலைக்குப் போறதுக்கா? மாடிப்படி ஏறுவியா? நுரையீரல்ல ஓட்டைய வெச்சுக்கிட்டு?" என்று கத்தினார். "படுக்கைய விட்டுப் போனா அந்தப் படுக்கை உனக்காக நிக்காது. வெளியில எத்தன பேரு காத்திருக்காங்கன்னு தெரியுமா?" என்னைப் பார்த்து, "நீ படிச்சவதானே? சொல்லக்கூடாதா?" என்றார். நான் சொல்லாததா? ஆபரேஷன் முடியட்டும் என்று அழுதுகூடப் பார்த்தேன். ஆபரேஷன் முடியாவிட்டால் என்று அவர் கேட்டார். அதற்குப் பதில் எந்த உத்தரவிலும் இல்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் கொடுக்காத சான்றை ஆஸ்டின் டவுனில் ஒரு டாக்டர் கொடுத்தார். பதிவு பெற்ற டாக்டர்தான், ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்க்கவும் செய்தார். எங்களைப்போலக் கெஜட்டில் பெயர் வராத உத்தியோகஸ்தர்களுக்கு அப்படிப்பட்ட சான்றை ஏற்பதும் மறுப்பதும் ஆபீஸ் தலைவரின் இஷ்டம். அந்தத் தலைவர் சூப்பரிண்டெண்டெண்டிடம் யோசனை கேட்டார். என் கணவர் நேராக வந்து முன்னால் நின்றபோது, சூப்பரிண்டெண்டெண்டால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஒருவருமே கெட்டவர்கள் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். யாராவது ஒரு கெட்டவன் குறுக்கே நின்றிருந்தால் அவர் படுக்கையிலேயே இருந்திருப்பார்.

திங்கட்கிழமை முற்பகல் வேலையில் சேர்ந்தார். கஞ்சி போட்ட சட்டை தோளில் தொங்கியது. ஜாயினிங் ரிப்போர்ட்டை என்னிடமே கொடுத்து டைப் பண்ணச் சொன்னார். "இன்று முற்பகல்" என்ற வார்த்தையைச் சரிபார்த்தார். மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று ஏறினார். டிராயிங் ஹாலில் அவருடைய போர்டு ஜன்னலோரத்துக்கு நகர்த்தப்பட்டிருந்தது. குடிக்கிற தண்ணீருக்குத் தனி டம்ளர். எல்லாரும் சிரித்துப் பேசினார்கள், ஒரு கை தூரம் தள்ளி நின்று.

சாயங்காலம் அவர் லீவ் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு கீழே வந்தார். சூப்பரிண்டெண்டெண்ட் அதை வாங்கவே இல்லை.

"இப்படிப் பண்ணா ஆகாதப்பா. ஒரு நாள் சேந்து, மறுநாள் அதே வியாதிக்கு லீவ் போட்டா ஆடிட்காரன் விடமாட்டான். இது சேந்ததே இல்ல, சம்பளத்துக்காகப் பண்ண நாடகம்னு நிர்ணயத்தையே அடிச்சிடுவான். அப்ப நீ வந்ததும் சும்னே, வீணா ஆயிடும்."

"எத்தன நாள் இருக்கணும் சார்?"

"அதெல்லாம் ரூல்ல இல்ல. ஆனா சம்பள ஸ்டேட்மெண்ட் ஆடிட்டுக்குப் போயி பாஸாகி வரட்டும். அது வரைக்கும் வர்றது நல்லது. முடியலன்னா வேண்டாம்பா, போயிடு. நான் சொல்றது நெஜம், போயிடு."

என் கணவர் விண்ணப்பத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் வீட்டுக்கு வருகிற வழியில், "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்ங்க, போனது போகட்டும்" என்றேன். "வந்தது வந்தாச்சு" என்றார். முழங்கால் வரைக்கும் நனைந்த பிறகு கரையில் நிற்பானேன் என்பது அவர் நியாயம். எனக்கு ஆறு ஆழமாகத் தெரிந்தது.

அப்படி அவர் தினமும் ஆபீஸுக்கு வந்தார். புதுச் சம்பளத்தை ஏற்பதாக எழுதிக் கொடுத்தார். அதிகமாகக் கொடுத்துவிட்டதாகப் பின்னால் தெரிந்தால் திருப்பிக் கட்டுகிறேன் என்ற உறுதிமொழியிலும் எல்லாரையும் போலக் கையெழுத்துப் போட்டார். அவர் சேர்ந்த நாளுக்கு முந்தைய காலத்துக்கு அரியர்ஸ் எதுவும் கிடையாது. மற்றவர்கள் நிலுவையில் பாதியை வாங்கி வாசலில் எண்ணியபோது அவர் மாடியில் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். நான் மேலே காபி கொண்டுபோகிறபோதெல்லாம் முதலில் அவருடைய கைக்குட்டையைப் பார்ப்பேன். ஒரு நாள் அதை என் கண் படாமல் மடித்துவிட்டார். மடித்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று.

ஸ்டேட்மெண்ட் ஆடிட்டிலிருந்து பாஸாகி வந்த அன்று அவருக்குக் காய்ச்சல் அடித்தது. சர்வீஸ் புத்தகத்தில் புதுச் சம்பளத்தைப் பதிந்து, சூப்பரிண்டெண்டெண்ட் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். ஆட்டோவில் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சொன்னது நிஜமாகிவிட்டது. அவருடைய கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது பக்கமும் தொட்டுவிட்டது, இனி அந்த ஆபரேஷன் செய்ய முடியாது என்றார் டாக்டர். இந்த முறை அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். பெயரைக் காத்திருப்போர் வரிசையில் எழுதிக்கொண்டு, ஊசியும் மாத்திரையும் வீட்டிலேயே எடுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு வீட்டில் பின்னறைதான் அவருக்கு வார்டு. நான் ஆபீஸிலிருந்து வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "இன்னிக்கு ஏதாவது ஆர்டர் வந்துச்சா?" என்பது. இல்லை என்பேன். உண்மையாகவே இல்லை.

மழைக்காலம் ஆரம்பித்த சமயத்தில் ஒரு நாள், சூப்பரிண்டெண்டெண்ட் செக்ரட்டேரியட் தபாலைப் பிரித்துப் படித்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக அதை இன்னொரு டைப்பிஸ்டின் மேஜையில் கொண்டுபோய் வைத்தார். நான் எழுந்து போய் அதை எடுத்துக்கொண்டேன். அவர் தடுக்க வந்தார், பிறகு நின்றுவிட்டார்.

சந்தேகம் எழுப்பப்பட்டிருக்கிறது என்று ஆரம்பித்தது. பார்வை என்று போட்ட இடத்தில் எங்கள் ஆபீஸ் கடிதத்தின் எண் இருந்தது, நான் டைப் பண்ணின கடிதம். அரசாங்கம் பரிசீலித்துத் தெளிவுபடுத்துகிறது: ஜனவரி முதல் தேதியில் மருத்துவச் சான்றின்மேல் லீவில் இருந்தவர்களுக்கு ஆறாவது பத்தி பொருந்தாது. வேலையில் சேராவிட்டாலும் அவர்கள் அந்தத் தேதியிலிருந்தே புதிய விகிதத்தில் இருப்பதாகக் கருதப்படவேண்டும். லீவில் இருக்கும்போதே இறந்தவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

ரிப்பனை விலக்கினேன். தாளை மாட்டினேன். ஒரு எழுத்துகூடத் தப்பாமல் அடித்தேன். சிவப்புத் திரவத்தைத் திறக்கவே இல்லை. அடித்து முடித்த பிறகுதான் அந்தக் காகிதத்தின்மேல், அதை எழுதியவன்மேல், மேஜைக்கு மேஜை அதை நிறுத்தி வைத்த ஒவ்வொருவன்மேலும் எனக்கு அப்படி ஒரு வெறி வந்தது. டைப்ரைட்டரைத் தூக்கி ஜன்னல் வழியாக எறியலாம் போலிருந்தது. சூப்பரிண்டெண்டெண்ட் தன் மேஜையில் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஸ்டென்சிலை மெஷினில் போட்டு உருட்டி எடுத்த காப்பிகளில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அரை நாள் லீவ் எழுதிக்கொடுத்துவிட்டு, பஸ் பிடித்துக் காசநோய் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரெவின்யூ குமாஸ்தா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். படுக்கையைச் சுருட்டிக் கயிறு கட்டியிருந்தார். பக்கத்தில் தகரப் பெட்டி. எங்கிருந்தோ அவருக்கும் ஒரு தகுதிச் சான்று கிடைத்துவிட்டது, சட்டைப் பையில் தெரிந்தது.

"சார் எப்படி இருக்காரும்மா? நானும் நாளைக்கு ஜாயின் பண்ணப் போறேன். அவர் பண்ணதுதான் சரி" என்றார்.

தாளை அவர் கையில் கொடுத்தேன். படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்ப நான் வர்றேனா இதுல?"

"வர்றீங்க. படுத்தபடியே வர்றீங்க. கயித்த அவுத்துட்டுப் படுங்க."

அவர் அவிழ்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. "சாருக்கு..." என்று ஆரம்பித்தார். "அவருக்கு நீங்க லெட்டர் போடக்கூடாது" என்று சொல்லிவிட்டு நானே அந்தக் கயிற்றை அவிழ்த்துப் படுக்கையை விரித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பின்னறையில் அவர் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். கன்னத்தில் எலும்பு மட்டும்தான் மிச்சம். நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டு வாசற்படியிலேயே நின்றேன்.

"ஏன் லேட்டு? ஏதாவது ஆர்டர் வந்துச்சா?"

"இல்லீங்க."

"கிளாரிஃபிகேஷனு?"

"அதெல்லாம் எங்க வரப்போவுது?"

அவர் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. "நான் அப்பவே சொன்னேன்ல? அதுக்காக உக்காந்திருந்தா நீயும் பாப்பாவும் பழைய ஸ்கேல்ல நின்னிருப்பீங்க. நான் போயி கையெழுத்துப் போட்டது நல்லதாப் போச்சு."

"ஆமாங்க" என்றேன். "நல்லதாப் போச்சு."